வயது வித்தியாசம்: கல்யாணத்தன்று போடும் கணக்கும், பிறகு வரும் கணக்கும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எத்தனை வயது வித்தியாசம் இருக்கலாம்? இந்தக் கேள்வியை இந்த ஆண்டு இரண்டு குடும்பங்கள் என்னிடம் கேட்டன. ஒன்று, பாகூர் பக்கத்துப் பள்ளியில் என்னிடம் படித்த மாணவி. அவளுக்கு இப்போது 34 வயது, நல்ல வேலையில் இருக்கிறாள். தன்னைவிட ஆறு வயது இளையவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாள். வீட்டில் இடி விழுந்ததுபோல ஆகிவிட்டது. "நீங்க சொன்னா எங்க அம்மா கேப்பாங்க டீச்சர்" என்று போன் செய்தாள். இன்னொன்று வில்லியனூர் பக்கம், நம் உறவிலேயே. 22 வயதுப் பெண்ணுக்கு 35 வயது முறைமாமனைப் பேசி முடித்திருக்கிறார்கள். அங்கே யாரும் அதிரவில்லை. "முறைதானே, வெளியில போகாம இருந்தா சரி" என்றார்கள். பெண்ணின் சித்தி மட்டும் தனியாக என்னிடம், "பதிமூணு வயசு அதிகம் இல்லையா அக்கா?" என்று கேட்டாள்.

ஆறு வருடம் என்றால் அவமானம், பதிமூன்று வருடம் என்றால் முறை. கணக்குப் பாடம் நடத்திய எனக்கு இது உறுத்தியது. ஆறைவிடப் பதிமூன்று பெரிது என்று முதல் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். அப்படியென்றால் நாம் வருடங்களை எண்ணவில்லை, வேறு எதையோ எண்ணுகிறோம். அது என்ன என்று யோசித்தேன். இதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் தேடிப் படித்தேன். இரண்டு வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யார் என்று ஊகிக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் ஆண் மூத்தவனாக இருப்பது இயல்பு. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. இருவருக்கும் 21 ஆக்க 2021ல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், அது நிறைவேறவில்லை. அதனால் மூன்று வருட வித்தியாசம் சட்டப் புத்தகத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் தாய்மாமன் முறை. அக்காவுக்கும் கடைசித் தம்பிக்கும் பத்துப் பதினைந்து வயது இடைவெளி இருந்த காலத்தில், அக்கா மகளைக் கட்டுவது கைக்கெட்டும் வயதாக இருந்தது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மாமன் - மருமகள் உறவைத் தடை செய்யப்பட்ட உறவுகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஆனால் வழக்கம் இருக்கும் இடத்தில் செல்லும் என்று விலக்கும் தந்திருக்கிறது. அந்த விலக்கில் பிறந்தவள்தான் நான்.

என் அம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது 1956ல். அம்மாவுக்கு 17 வயது, அப்பாவுக்கு 32. அப்பா, அம்மாவின் சொந்தத் தாய்மாமன். அம்மாவின் பாட்டியே அவருக்கு மாமியார். புது வீடு என்ற பயமில்லை, மாமியார் கொடுமை என்ற பேச்சில்லை. கடைசிவரை அப்பாவை "மாமா" என்றுதான் அம்மா கூப்பிட்டார். அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஊரில் யாரும் அந்தப் பதினைந்து வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. நெருங்கிய உறவில் மணம் முடித்தால் பிள்ளைகளின் உடல்நலத்துக்கு வரக்கூடிய ஆபத்து வேறு விஷயம். அதை மருத்துவர்கள் சொல்லக் கேளுங்கள். நான் இங்கே வயதை மட்டும் பேசுகிறேன்.

அந்தப் பதினைந்து வருடம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, காத்துக்கொண்டிருந்தது. அப்பா மில்லில் வேலை பார்த்தார். 58 வயதில், 1982ல், ஓய்வு பெற்றார். அப்போது அம்மாவுக்கு 43. என் கடைசித் தம்பிக்கு 13, எட்டாம் வகுப்பு. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மில்லில் வந்த பணம் தங்கை கல்யாணத்தோடு முடிந்தது. 1986ல், 62 வயதில், அப்பா இறந்தார். அம்மாவுக்கு 47. தம்பி பன்னிரண்டாம் வகுப்பு எழுதிக்கொண்டிருந்தான்.

அம்மா 2019ல், 80 வயதில் இறந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பாவோடு வாழ்ந்தது 30 வருடம். அப்பா இல்லாமல் வாழ்ந்தது 33 வருடம்.

ஒருமுறை, நாங்கள் இருவரும் மட்டும் இருந்த ஒரு மத்தியானம், அம்மாவிடம் நேராகவே கேட்டேன். "உனக்கு அப்பாவோட வயசு ஒரு குறையா தெரிஞ்சுதா?" என்று. கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "மாமா இருந்தவரைக்கும் ஒரு குறையும் இல்ல. ஆனா அவருக்கு வயசாக வயசாக எனக்கும் வயசாக்கிட்டாங்க. நாப்பது வயசுல எனக்குப் புடவை எடுக்கும்போது கிழவி புடவையா எடுப்பாங்க. அவருக்குப் பக்கத்துல நின்னா எடுப்பா இருக்கக் கூடாதாம். அவர் போனப்புறம்தான் எனக்கு இன்னும் வயசு மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சுது. அப்ப அதை வச்சு என்ன பண்றது?"

இந்தப் பதிலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்தேன்.

இதில் நான் பெரிதாக மதிப்பது ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு. அந்த நாட்டில் 2001 முதல் ஒரே குடும்பங்களை ஆண்டுதோறும் தேடிப் போய்க் கேள்வி கேட்கிறார்கள். வருமானம், வேலை, உடல்நலம் எல்லாம் கேட்பார்கள். கணவனையும் மனைவியையும் தனித்தனியாக, "உங்கள் துணையோடு உள்ள உறவில் எவ்வளவு திருப்தி, பூஜ்யம் முதல் பத்துக்குள் மதிப்பெண் போடுங்கள்" என்றும் கேட்பார்கள். வாங் ஷெங் லீ, டெர்ரா மெக்கினிஷ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதில் 13 ஆண்டுகளின் விவரத்தை எடுத்து ஆராய்ந்து 2018ல் வெளியிட்டார்கள். இதன் பலம் என்னவென்றால், ஒரு நாள் போய்க் கேட்டுவிட்டு வந்த ஆய்வு இல்லை இது. ஒரே தம்பதி ஐந்தாம் வருடம் என்ன சொன்னார்கள், பத்தாம் வருடம் என்ன சொன்னார்கள் என்று தொடர்ந்து பார்த்த ஆய்வு.

அதில் தெரிந்தது மூன்று விஷயம்.

முதலாவது, தன்னைவிட இளைய மனைவி அமைந்த ஆண்கள் ஆரம்பத்தில் கூடுதல் திருப்தி சொன்னார்கள். இதில் நமக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் பெண்களும் அப்படியேதான் சொன்னார்கள். இளைய கணவன் அமைந்த பெண்கள் கூடுதல் திருப்தியும், மூத்த கணவன் அமைந்த பெண்கள் குறைந்த திருப்தியும் சொன்னார்கள். "பொம்பளைக்கு மூத்தவன்தான் பிடிக்கும்" என்று நாம் அவர்களைக் கேட்காமலே முடிவு செய்து வைத்திருக்கிறோம். கேட்டபோது வந்த பதில் வேறு.

இரண்டாவது, வயது வித்தியாசம் அதிகமுள்ள தம்பதிகளிடம் திருப்தி வேகமாக இறங்கியது. எல்லாத் தம்பதிகளுக்கும் வருடம் போகப் போக மதிப்பெண் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. ஆனால் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்களுக்கு மெதுவாகக் குறைகிறது. ஆரம்பத்தில் இளைய துணையால் கிடைத்த அந்தக் கூடுதல், ஆறு முதல் பத்து வருடத்துக்குள் கரைந்து போகிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஏன் வேகமாக இறங்குகிறது? வீட்டில் பண நெருக்கடி வரும்போது, வயது வித்தியாசம் உள்ள தம்பதிகள் அதிகம் ஆட்டம் காண்கிறார்கள் என்பது விவரங்களில் தெரிந்தது. ஒரே வயதுக்காரர்கள் வாழ்க்கையில் ஒரே படியில் நிற்பதால், பிள்ளைகள், பணச் செலவு போன்ற முடிவுகளில் ஒத்துப்போக வழி இருக்கிறது, அதனால் இடியைச் சேர்ந்து தாங்குகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் வீட்டு பாஷையில் சொன்னால், ஒருவர் ஓய்வூதியத்தை நினைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் பள்ளிக் கட்டணத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் 1982ல் நடந்தது அதுதான்.

இதை நாம் அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் துணையை அவரவரே தேர்ந்தெடுக்கிறார்கள், பிடிக்கவில்லையென்றால் பிரிகிறார்கள். நம் ஊரில் பெண்ணிடம் பூஜ்யம் முதல் பத்துக்குள் மதிப்பெண் போடச் சொன்னால், மாமியார் காதில் விழுமோ என்று பார்த்துவிட்டு எட்டு போடுவாள். மேலும் இவை சராசரிகள். வகுப்பு சராசரி 60 என்றால் 95 வாங்கியவனும் உள்ளே இருக்கிறான், 30 வாங்கியவனும் இருக்கிறான். இந்த ஆய்வை வைத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட தம்பதியைப் பார்த்து "நீங்கள் தேற மாட்டீர்கள்" என்று சொல்ல முடியாது. எந்த இடத்தில் சிக்கல் வரும் என்று மட்டும் சொல்லலாம். அது கல்யாண மண்டபத்தில் வருவதில்லை. பத்து வருடம் கழித்து, வேலை போகும்போதும் உடம்பு முடியாமல் போகும்போதும் வருகிறது.

இனி என் மாணவியின் விஷயம், அதாவது பெண் மூத்தவளாக இருப்பது. அமெரிக்காவில் ஜஸ்டின் லேமில்லர், கிறிஸ்டோபர் ஆக்னியூ என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2008ல் இதைப் பற்றி எழுதினார்கள். துணையைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்த பெண்கள், அதே அளவு இளைய பெண்கள், ஏறக்குறைய சம வயதுப் பெண்கள் என்று மூன்று கூட்டமாகப் பிரித்துக் கேட்டார்கள். உறவில் அதிகத் திருப்தியும் பிடிப்பும் சொன்னவர்கள் மூத்த பெண்கள்தான். சிறிய ஆய்வு, அதனால் அதையே வேதமாகக் கொள்ள வேண்டாம். ஆனால் "பெண் மூத்தால் குடும்பம் விளங்காது" என்று நாம் சொல்வதற்கு ஆதாரம் கேட்டால், கையில் இருப்பது எதிர்ப்பக்கம்தான் காட்டுகிறது.

அதே இருவர் செய்த இன்னொரு ஆய்வு நம்மைப் போன்ற உறவினர்களுக்கானது. தங்கள் உறவைக் குடும்பமும் நண்பர்களும் ஏற்கவில்லை என்று உணர்ந்த ஜோடிகளைச் சில மாதங்கள் கழித்து மீண்டும் விசாரித்தார்கள். அந்த உணர்வு அதிகமாக இருந்தவர்கள் பிரிந்துபோன வாய்ப்பும் அதிகமாக இருந்தது. இதை யோசியுங்கள். நாம் "இது நிலைக்காது" என்று சொல்கிறோம். விசேஷத்துக்குக் கூப்பிடுவதில்லை. "அக்காவா, பொண்டாட்டியா?" என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறோம். பிறகு அது உடைந்தால், "அன்னைக்கே சொன்னேன் பாத்தியா" என்கிறோம். உடைந்ததில் வயதின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு என்று யார் கணக்குப் பார்ப்பது?

இந்தச் சிரிப்புக்கும் வருடத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. பிரெஞ்சு அதிபர் மக்ரோனைவிட அவர் மனைவி பிரிஜித் 24 வயது மூத்தவர். அமெரிக்க அதிபர் ட்ரம்ப் தன் மனைவி மெலானியாவைவிட ஏறக்குறைய அதே 24 வயது மூத்தவர். கேலிச் சித்திரங்களும் கிசுகிசுக்களும் எந்த வீட்டைச் சுற்றி அதிகம் என்று உங்களுக்கே தெரியும். நம் புதுச்சேரியில் சொல்தா வீடுகளில் பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் இருப்பதால், இந்தப் பேச்சு நம் டீக்கடைக்கும் வந்துவிட்டது. ஒன்று மட்டும் ஆசிரியராக நான் சொல்லியாக வேண்டும். அவர்கள் முதலில் சந்தித்தது பள்ளிக்கூடத்தில். அவர் பதினைந்து வயது மாணவர், அந்த அம்மா அங்கே ஆசிரியை. அந்த ஆரம்பத்தை என்னால் சரி என்று சொல்ல முடியாது. அதற்குக் காரணம் 24 என்ற எண் இல்லை. ஒருவர் மதிப்பெண் போடும் இடத்திலும் இன்னொருவர் கைகட்டி நிற்கும் இடத்திலும் இருந்ததுதான் காரணம். அதே 24 வருடம், 40 வயதுக்காரருக்கும் 64 வயதுக்காரருக்கும் நடுவில் என்றால் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் வயது வித்தியாசத்துக்காக ஒரு கட்சியே உடைந்திருக்கிறது. இளைய பிள்ளைகள் பலருக்கு விவரம் தெரியாது, அதனால் சொல்கிறேன். கட்சிப் பேச்சாக எடுத்துக்கொள்ளாமல் படியுங்கள்.

பெரியார் பிறந்தது 1879 செப்டம்பர் 17. முதல் மனைவி நாகம்மையார் 1933ல் இறந்துவிட்டார். வேலூரைச் சேர்ந்த மணியம்மையார் பிறந்தது 1920 மார்ச் 10. இயக்கத்துக்கு வந்து, பெரியாருக்கு உதவியாக, மருந்து, உணவு எல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். 1949 ஜூலை 9 அன்று இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அவருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த அம்மையாருக்கு 29. நாற்பது வருட வித்தியாசம்.

இயக்கத்தில் புயல். கிழவர்கள் இளம் பெண்களைக் கட்டுவதை மேடை மேடையாகக் கண்டித்த இயக்கம் அது. "பொருந்தாத் திருமணம்" என்று அவர்கள் ஊராரைச் சொன்ன சொல்லையே இப்போது தலைவரை நோக்கிச் சொன்னார்கள். அண்ணாவும் அவரோடு பலரும் வெளியேறி, 1949 செப்டம்பர் 17 அன்று திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார்கள். அது பெரியாரின் பிறந்த நாள். பிரிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் வெடித்தது இந்தத் திருமணத்தில்தான்.

பெரியார் தரப்பில் சொன்ன காரணம் வேறு. தனக்குப் பிறகு இயக்கத்தையும் அதன் சொத்தையும் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான, சட்டப்படி உரிமையுள்ள ஒருவர் வேண்டும் என்பது. அன்றைய இந்து சட்டத்தில் ஆண் பிள்ளையைத்தான் தத்தெடுக்க முடியும். பெண்ணைத் தத்தெடுக்க வழி செய்த சட்டம் 1956ல்தான் வந்தது. அதனால் திருமணம் என்பது ஓர் ஏற்பாடு என்றார்.

இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. விட்டுப் போனவர்கள் ஒரு கொள்கையைத் தலைவருக்கும் பொருத்திப் பார்த்தார்கள், அது நேர்மை. ஆனால் நான் பார்க்க விரும்புவது 1949ஐ இல்லை, அதற்குப் பிந்திய வருடங்களை. அவர்கள் மணவாழ்க்கை 24 வருடம் நீடித்தது. அதில் பெரும்பகுதி முதியவரைப் பராமரிப்பது. கடைசிக் காலத்தில் சிறுநீர் வெளியேறக் குழாய் பொருத்திக்கொண்டு பெரியார் ஊர் ஊராகப் பேசப் போனார். உடன் போய்ப் பார்த்துக்கொண்டவர் மணியம்மையார். 1973 டிசம்பர் 24 அன்று, 94 வயதில் பெரியார் இறந்தபோது அந்த அம்மையாருக்கு 53 வயது. பிறகு திராவிடர் கழகத்துக்குத் தலைமை ஏற்றார். நெருக்கடி நிலைக் காலத்தில் சிறைக்கும் போனார். 1978 மார்ச் 16 அன்று, 58 வயதில் இறந்தார்.

அவர் திருப்தியாக இருந்தாரா என்று நான் சொல்ல முடியாது. பூஜ்யம் முதல் பத்துக்குள் அவரை யாரும் கேட்கவில்லை. ஆனால் என் அம்மாவின் கதையோடு இதை வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு தெரிகிறது. மணியம்மையார் 29 வயதில், விவரம் தெரிந்து, பல வருடம் அருகிலிருந்து பார்த்த மனிதரை மணந்தார். அவர் விதவையாகும் நாள் வரும் என்பது இருவருக்கும் முதல் நாளே தெரியும், அதற்கான ஏற்பாடுதான் அந்தத் திருமணமே. சொத்துக்கு நிறுவனம் இருந்தது, அவருக்கு ஒரு பொறுப்பு காத்திருந்தது. என் அம்மாவுக்கு 17 வயது. யாரும் கேட்கவில்லை, எந்த ஏற்பாடும் இல்லை. பதினைந்து வருட வித்தியாசத்தில் ஊர் கைதட்டியது. நாற்பது வருட வித்தியாசத்தில் ஊர் கல்லெறிந்தது. ஆனால் பின்னால் வரப்போகும் தனிமைக்கு முன்கூட்டி வழி செய்திருந்தது, கல்லெறி வாங்கிய வீட்டில்தான்.

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். இந்தியாவில் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாக இரண்டு மூன்று வருடம் கூடுதலாக வாழ்கிறார்கள். கணவர் 13 வயது மூத்தவர் என்றால், பதினைந்து பதினாறு வருடம் மனைவி தனியாக வாழ வேண்டியிருக்கும் என்பது சாதாரணக் கூட்டல். எங்கள் வீட்டில் அது 33 ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் 4 கோடிக்கும் மேல் விதவைகள் இருந்தார்கள். மனைவியை இழந்த ஆண்களின் எண்ணிக்கை அதில் பாதிகூட இல்லை. ஆண்கள் மறுமணம் செய்துகொள்வது ஒரு காரணம். மூத்த ஆணுக்கு இளைய பெண்ணைக் கட்டிவைப்பது இன்னொரு காரணம். பெண் ஆறு வயது மூத்தவள் என்றால், இதே கூட்டல் இருவரையும் ஏறக்குறைய ஒன்றாக முதுமைக்குக் கொண்டுபோகிறது. "ஐம்பது வயசுல அவ கிழவி ஆயிடுவா" என்று பயப்படுகிற என் மாணவியின் அம்மா, எழுபத்தைந்து வயதில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

மாணவியின் அம்மாவிடம் நான் பேசினேன். நான் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பையன்கிட்ட வயசைத் தவிர வேற குறை ஏதாவது இருக்கா?" அவர் யோசித்து, "இல்ல டீச்சர்" என்றார். மாணவியிடமும் ஒன்று கேட்டேன். பிள்ளை வேண்டுமா, எப்போது என்று இருவரும் வெளிப்படையாகப் பேசியாயிற்றா என்று. 34 வயதில் அதைத் தள்ளிப்போட இடமில்லை, 28 வயதுக்காரருக்கு அவசரம் தெரியாது. வயது வித்தியாசம் அவர்கள் வாசலில் முதலில் வந்து நிற்கப் போகும் இடம் அதுதான். பேசவில்லை என்றாள். பேசிவிட்டு மருத்துவரையும் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். வந்தார்கள். ஆவணியில் பதிவுத் திருமணம்.

முறைமாமன் வீட்டில் நான் பேசியது கொஞ்சம் கடினமான பேச்சு. முதலில் பெண்ணைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். அம்மா, சித்தி, பாட்டி ஒருவரும் அந்த அறையில் இல்லை. "உனக்கு விருப்பமா, இல்ல வேண்டாம்னு சொல்ல முடியலையா?" என்று. விருப்பம்தான் என்றாள். ஆனால் எம்.எஸ்.சி. முடிக்க ஆசை, அதை யாரிடமும் சொல்லவில்லை என்றாள். பிறகு மாப்பிள்ளைப் பையனிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவருக்கு 58 ஆகும்போது அவளுக்கு 45. இரண்டு வருடத்தில் குழந்தை பிறந்தால் அதற்கு அப்போது 21, இன்னும் படிப்பு முடிந்திருக்காது. அவர் நல்ல பிள்ளை, தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் படிப்பை முடித்து வேலைக்குப் போக வேண்டும், மனையை இருவர் பெயரிலும் பதிய வேண்டும், காப்பீட்டிலும் வங்கிக் கணக்கிலும் அவள் பெயர் வாரிசாக இருக்க வேண்டும் என்று நான் சொன்ன மூன்றையும் ஒப்புக்கொண்டார். கல்யாணத்தை இரண்டு வருடம் தள்ளிவைத்திருக்கிறார்கள். உறவில் சிலருக்கு என் மேல் வருத்தம். இருக்கட்டும்.

பெற்றோராக இருக்கும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற நேரத்தில், இருவரின் பிறந்த வருடத்தையும் ஒரு தாளில் எழுதி, பத்து வருடத்துக்கு ஒரு கோடு போட்டு, எழுபது வயது வரைக்கும் கீழே இறங்கிப் போய்ப் பாருங்கள். எந்தக் கோட்டில் ஒருவர் ஓய்வு பெறுகிறார், எந்தக் கோட்டில் பிள்ளை கல்லூரிக்குப் போகிறது, எந்தக் கோட்டில் ஒருவர் தனியாகிறார் என்று குறியுங்கள். அந்தத் தாளைப் பெண்ணும் பையனும் சேர்ந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டும் சரி என்றால், இடைவெளி ஆறோ பதிமூன்றோ, மூத்தது யாராக இருந்தாலும், நாம் போய் அட்சதை போட்டுவிட்டுச் சாப்பிட்டு வரலாம்.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். யாரையும் கேலி செய்து கருத்துப் போட வேண்டாம், போட்டால் நீக்கிவிடுவேன். வகுப்பில் எப்படியோ இங்கேயும் அப்படித்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்